பென்ஷனும் வட்டியும்: அறுபது தாண்டியவர் வருட வரியை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

போன செப்டம்பரில் ஒரு மழைநாள். ஹட்டனில் எங்கள் தெருவின் மேல் வீட்டில் இருக்கும் டீச்சர் இரண்டு பாஸ் புத்தகங்களை பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். தோட்டப் பாடசாலையில் ஆரம்பித்து, அதிபராக ஓய்வுபெற்றவர். நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால், இப்படியான கேள்விகள் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

"தம்பி, மாசம் அறுபதாயிரம் வட்டின்னு பேங்குல சொன்னாங்க. வர்றது அம்பத்தி நாலாயிரம். சிரேஷ்ட பிரஜைக்கு வட்டிக்கு வரி இல்லன்னுதானே சொல்றாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் பதில் பலர் எதிர்பார்ப்பது போல இல்லை.

வயதுக்காக வட்டியில் ஒரு விலக்கு இலங்கையில் ஒரு காலத்தில் உண்மையிலேயே இருந்தது. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, சிரேஷ்ட பிரஜைகள் நிதி நிறுவனங்களில் இருந்து பெறும் வட்டியில் வருடத்துக்கு 15 லட்சம் ரூபா வரை தனியாகக் கழித்துக்கொள்ள அதில் இடம் இருந்தது. 2020 ஜனவரியில் இருந்து எல்லோருக்கும் பொதுவான நிவாரணத்தை, அதாவது வருட வருமானத்தில் வரி இல்லாமல் விடும் தொகையை, 30 லட்சமாக உயர்த்தினார்கள். அப்போது இந்த 15 லட்சத்தை எடுத்துவிட்டார்கள். 30 லட்சம் கையில் இருந்ததால் அன்று யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. பின்பு 2023 ஜனவரியில் பொது நிவாரணம் 12 லட்சமாக இறங்கியது, வட்டியில் 5 வீதத்தை வங்கிகள் வரியாகப் பிடிக்கத் தொடங்கின. பழைய 15 லட்சம் மட்டும் திரும்பி வரவில்லை. 2025 ஏப்ரல் 1 இல் இருந்து பொது நிவாரணம் 18 லட்சம், வங்கி பிடிப்பது 10 வீதம்.

டீச்சர் கேள்விப்பட்டது அந்தப் பழைய விலக்கைத்தான். இன்னும் இரண்டு விஷயங்கள் இதோடு சேர்ந்து குழப்புகின்றன. ஒன்று, சிரேஷ்ட பிரஜைகளின் வைப்புக்கு வங்கிகள் கொடுக்கும் கூடுதல் வட்டி. அது வட்டி வீதத்தில் கிடைக்கும் சலுகை. அந்தக் கூடுதல் காசும் வட்டி வருமானம்தான், வரிக் கணக்கில் மற்ற வட்டியோடு சேரும். இன்னொன்று, தொலைபேசியில் ஓடும் இந்தியத் தமிழ்க் காணொளிகள். அவற்றில் சொல்லும் மூத்த குடிமக்கள் கழிவு இந்தியச் சட்டத்துக்கு உரியது. மொழி ஒன்றாக இருப்பதால் நம்முடையது என்று எடுத்துக்கொள்கிறோம். அதை வைத்து இங்கே ஒரு ரூபா கூடக் கழிக்க முடியாது.

அப்படியானால் ஓய்வுபெற்றவருக்கு இப்போது என்ன பாதுகாப்பு? இரண்டு இருக்கின்றன. அரசாங்கமோ அரசாங்கத் திணைக்களமோ தரும் ஓய்வூதியத்துக்கு வருமான வரி கிடையாது. அது எவ்வளவாக இருந்தாலும் கணக்குக்குள்ளேயே வராது. அதற்குப் பிறகு மிஞ்சும் வருமானத்தில் வருடத்துக்கு 18 லட்சம் ரூபா வரை எல்லோரையும் போல அவருக்கும் நிவாரணம் உண்டு. இந்த இரண்டையும் சரியான வரிசையில் வைத்துப் பார்த்தால், நம் பக்கத்தில் ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர்களில் பலருக்கு வரி பூச்சியம் என்றுதான் வரும். வரிசை மாறினால் கணக்கு பிழைத்துவிடும். டீச்சருக்கும் அதுதான் நடந்திருந்தது.

டீச்சரின் கணக்கு

நம் நாட்டில் வரிமதிப்பாண்டு என்பது ஏப்ரல் 1 இல் தொடங்கி அடுத்த மார்ச் 31 இல் முடியும். எனவே நாங்கள் பார்த்தது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான காலம். செப்டம்பரில் உட்கார்ந்ததால் ஐந்து மாத வரவு பாஸ் புத்தகத்தில் இருந்தது. மீதியை மதிப்பிட வேண்டியிருந்தது.

டீச்சரின் பென்ஷன் மாதம் 68,000 ரூபா, வருடத்துக்கு 816,000. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடை, காலமான கணவரின் ஈ.பி.எப். காசு, பதுளையில் இருந்த காணியை விற்ற காசு எல்லாம் சேர்ந்து இரண்டு நிலையான வைப்புகளாக இருந்தன. ஒரு வங்கியில் 90 லட்சம், 8 வீதம், வட்டி மாதாமாதம். இன்னொரு வங்கியில் 60 லட்சம், 8.5 வீதம், வட்டி முதிர்வில்தான். அது முதிரும் நாள் 2026 ஜனவரி 12. இவை போக, பென்ஷன் வந்து விழும் சேமிப்புக் கணக்கில் வருடத்துக்குப் பத்தாயிரம் அளவில் வட்டி.

டீச்சர் ஏற்கனவே ஒரு கொப்பித் தாளில் கூட்டிப் பார்த்திருந்தார். பென்ஷன் 816,000, வட்டி 1,240,000, மொத்தம் 2,056,000. பதினெட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. கூட்டல் சரிதான். ஏப்ரலில் வங்கியில், வட்டியில் வரி பிடிக்காமல் இருப்பதற்குக் கொடுக்கும் பிரகடனப் படிவத்தைக் காட்டி, "வருட வருமானம் 18 லட்சத்துக்குள்ளயா?" என்று கேட்டபோது, இந்தத் தொகையை மனதில் வைத்து, "இல்ல, கூட" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அன்றைய தினமே மாதம் 6,000 பிடிப்பது உறுதியாகிவிட்டது.

அந்தப் படிவம் கேட்பது கைக்கு வரும் காசு முழுவதையும் அல்ல. வரிக்குக் கணக்கில் எடுக்கப்படும் வருமானம் 18 லட்சத்துக்குள் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. அரசாங்க பென்ஷன் விலக்களிக்கப்பட்டது என்பதால் முதலில் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். நான் அவருடைய தாளில் 816,000 ஐ அடித்துவிட்டு, கீழே உள்ளதை மட்டும் எழுதினேன்.

மாத வட்டி வைப்பு: 60,000 × 12 = 720,000
முதிர்வு வைப்பு: 60 லட்சத்துக்கு 8.5 வீதம் = 510,000
சேமிப்புக் கணக்கு: ஏறத்தாழ 10,000
மொத்தம்: 1,240,000

18 லட்சத்துக்கு இன்னும் 560,000 ரூபா இடம் இருக்கிறது. வரி பூச்சியம். அடித்த கோட்டை டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப அஞ்சு மாசமா சும்மாவா குடுத்திருக்கேன்?" என்றார்.

அதே நாளில் இன்னொன்றையும் கேட்டேன். பக்கத்துப் பிள்ளைகள் நான்கைந்து பேருக்கு அவர் மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். அதில் மாதம் 15,000 வருகிறது. காசு வாங்கிச் செய்யும் வேலை என்பதால் அதையும் எழுத வேண்டும். வருடத்துக்கு 180,000. மொத்தம் 1,420,000 ஆகிறது, இன்னும் எல்லைக்குள்தான். வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் அந்த வாடகையையும் இப்படித்தான் சேர்க்க வேண்டும். சின்னத் தொகை என்று விட்டுவிடுகிற வருமானங்கள்தான் சிலரை எல்லைக்கு மேலே கொண்டுபோகின்றன.

வட்டியை எழுதும்போது கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள்

முதலாவது, பாஸ் புத்தகத்தில் தெரியும் தொகை வட்டியின் முழுத்தொகை அல்ல. டீச்சரின் புத்தகத்தில் ஒவ்வொரு மாதமும் 54,000 என்று விழுந்திருக்கிறது. அதை 12 ஆல் பெருக்கினால் 648,000 வரும். ஆனால் அவருடைய வருமானம் 720,000. பிடித்த வரியும் அவருடைய வருமானத்தில் இருந்து, அவர் பெயரில் கட்டப்பட்டதுதான். கையில் கழித்த தொகை மட்டும் இருந்தால் அதை 0.9 ஆல் வகுத்தால் முழுத்தொகை வந்துவிடும். 54,000 ஐ 0.9 ஆல் வகுத்தால் 60,000. வருட முடிவில் வங்கியிடம் வரி பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கினால், அதில் முழு வட்டியும் பிடித்த வரியும் இரண்டு நிரல்களில் இருக்கும். எனக்கு நம்பிக்கையான கணக்கு அதுதான்.

இரண்டாவது, எந்த வருடத்தின் வட்டி என்பது. தனிநபர்கள் முதலீட்டு வருமானத்தைக் காசு வந்த நாளை வைத்துக் கணக்கிட வேண்டும். டீச்சரின் 60 லட்சம் வைப்பு, ஒன்பது மாதம் இந்த வருடத்திலும் மூன்று மாதம் போன வருடத்திலும் ஓடியிருக்கிறது. ஆனாலும் வட்டி ஜனவரி 12 இல் வருவதால் 510,000 முழுவதும் இந்த வருடத்துக்கே உரியது. அதே வைப்பு 2026 ஏப்ரல் 3 இல் முதிர்வதாக இருந்தால் முழுவதும் அடுத்த வருடத்துக்குப் போயிருக்கும். ஒரு வருட வைப்பில் இது பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று வருடம், ஐந்து வருடம் என்று போட்டு, வட்டியை முதிர்வில் மொத்தமாக வாங்கும் வைப்பில்தான் இது கடிக்கும். அத்தனை வருட வட்டியும் ஒரே வருடத்தின் தலையில் விழுந்து, மற்ற வருடங்களில் பயன்படாமல் போன 18 லட்சங்களை ஈடுசெய்யவும் வழி இல்லாமல் போகும். நெடுங்கால வைப்பு போடும் ஓய்வுபெற்றவர்களிடம் வட்டியை மாதாமாதமோ வருடாவருடமோ வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கணவன், மனைவி இருவரும் இருக்கும் வீடுகளில் இன்னொரு கேள்வி வரும். 18 லட்சம் ஒரு குடும்பத்துக்கு அல்ல, ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியே. கூட்டுக் கணக்காக இருந்தால் அந்த வட்டியில் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கை அவரவர் கணக்கில் எழுத வேண்டும்.

எல்லையைத் தாண்டினால்

டீச்சர் போன பிறகு அவர் சொல்லி இன்னொருவர் வந்தார். ஓய்வுபெற்ற அரசாங்க வைத்தியர், வட்டி மட்டும் வருடத்துக்கு 22 லட்சம். பென்ஷனை விட்டுவிட்டாலும் 18 லட்சத்தைத் தாண்டுகிறது. அதனால் பிரகடனம் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. வங்கி 220,000 பிடிக்கும். "சரி, வரி கட்டத்தான் வேண்டும், கட்டியாச்சு" என்று அவர் அதோடு விட்டிருந்தார்.

இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். வங்கி பிடிக்கும் 10 வீதம் ஒரு முற்பணம், இறுதி வரி அல்ல. வங்கி முதல் ரூபாவில் இருந்தே 10 வீதம் பிடிக்கிறது, உங்களுக்கு நிவாரணம் எவ்வளவு மிச்சம் என்று அதற்குத் தெரியாது. உண்மையான வரி 18 லட்சத்துக்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும்தான். அதிலும் முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம். அதற்கு மேல் ஒவ்வொரு 5 லட்சத்துக்கும் 18, 24, 30 என்று ஏறி, மீதிக்கு 36 வீதம்.

வைத்தியருக்கு 22 லட்சத்தில் 18 லட்சம் போக மிச்சம் 4 லட்சம். அதற்கு 6 வீதம் 24,000 ரூபா. வங்கி பிடிப்பது 220,000. அதாவது 196,000 ரூபா அவருக்குத் திரும்பி வர வேண்டிய காசு. அவர் வருமான வரி விவரத்திரட்டு ஒன்றை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுத்தால்தான் அது வரும். கொடுக்காவிட்டால் யாரும் தேடிவந்து தரமாட்டார்கள்.

இதைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தேன். ஒருவருக்கு வரிக்குரிய வருமானம் வட்டி மட்டும்தான் என்றால், அந்த வட்டி வருடத்துக்கு 43 லட்சத்தைச் சற்றுத் தாண்டும் வரை வங்கி பிடிப்பது உண்மையான வரியை விட அதிகமாகவே இருக்கும். 43 லட்சத்தில் வரி 420,000, பிடித்தது 430,000. அதற்கு மேல் 36 வீதம் ஓடத் தொடங்குவதால் நிலைமை விரைவாகத் தலைகீழாகி, மிச்சத்தை நாம் கட்ட வேண்டி வரும். நம் பக்கத்தில் ஓய்வுபெற்றவர்களில் 43 லட்சம் வட்டி வாங்குபவர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? வட்டியை மட்டும் நம்பி வாழ்பவர்களில் பெரும்பாலானோருக்குத் திணைக்களம்தான் காசு தர வேண்டியிருக்கும் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டுகிறது.

பென்ஷன் அரசாங்கத்துடையதா என்பதை மட்டும் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். விலக்கு அரசாங்கமும் அதன் திணைக்களங்களும் தரும் ஓய்வூதியத்துக்குத்தான். ஒரு கம்பனி தன் சொந்த நிதியில் இருந்து மாதாமாதம் கொடுப்பது அப்படி வெளியே போகாது, தொழில் வருமானமாகக் கணக்கில் சேரும். டீச்சரின் அதே 816,000 ஒரு கம்பனியில் இருந்து வந்திருந்தால், வட்டி 1,240,000 ஓடு சேர்ந்து 2,056,000 ஆகி, எல்லைக்கு மேலே உள்ள 256,000 க்கு 6 வீதம், அதாவது 15,360 ரூபா வரி வந்திருக்கும். டியூஷன் காசையும் சேர்த்தால் இன்னும் 10,800. தோட்டங்களில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரும்பாலானோருக்கு மாதப் பென்ஷனே இல்லை. ஈ.பி.எப்., பணிக்கொடை என்று ஒரு தடவையில் முடிந்துவிடும். அந்தக் காசை வங்கியில் போட்டு வரும் வட்டி மட்டுமே அவர்களுடைய வருட வருமானம் என்றால், 18 லட்சம் முழுவதும் அந்த வட்டிக்கே இருக்கிறது.

கையெழுத்தும் டின் இலக்கமும்

எல்லைக்குள் இருப்பவர் செய்ய வேண்டியது, வட்டிக்கான சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் வாங்கி நிரப்பிக் கொடுப்பது. கணக்கு உள்ள ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும். ஒன்றில் கொடுத்தால் மற்றதற்குத் தெரியாது. ஆனால் நிரப்பும்போது அந்த வங்கியின் வட்டியை மட்டும் பார்க்காமல் எல்லா வங்கிகளின் வட்டியையும் சேர்த்தே 18 லட்சத்தோடு ஒப்பிட வேண்டும். மூன்று வங்கிகளில் ஏழு ஏழு லட்சம் வாங்கும் ஒருவர், ஒவ்வொரு வங்கியிலும் தான் எல்லைக்குள் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டால், அது தவறான பிரகடனம். படிவத்துக்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது டின் இலக்கம் தேவைப்படும். இல்லாதவர்கள் தேசிய அடையாள அட்டையோடு திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே பதிந்து எடுக்கலாம். பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்தால் சிரமம் இல்லை. நேரில் போக விரும்புகிறவர்களுக்குக் கண்டியில் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

பிரகடனம் கொடுத்த நாளில் இருந்துதான் பிடிப்பது நிற்கும். அதற்கு முன் பிடித்த காசு திணைக்களத்துக்குப் போய்விட்டதால் வங்கியால் திருப்பித் தர முடியாது. வருடம் முடிந்த பின் சான்றிதழோடு விவரத்திரட்டில்தான் கேட்க வேண்டும். 2025/2026 வருடத்துக்கான விவரத்திரட்டைக் கொடுக்கக் கடைசி நாள் 2026 நவம்பர் 30. வரி கட்ட வேண்டியவர்களுக்கு அதற்கு முன்பே, செப்டம்பர் 30 இல் மிச்சம் முழுவதும் கட்டி முடிந்திருக்க வேண்டும். வங்கி பிடித்தது போதாமல், சொந்தமாகவும் கணிசமாகக் கட்ட வேண்டி வருபவர்கள் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15 ஆம் திகதிகளில் தவணையாகக் கட்ட வேண்டும்.

டீச்சருக்குத் டின் இலக்கம் எடுத்து, செப்டம்பர் கடைசி வாரத்தில் இரண்டு வங்கிகளிலும் பிரகடனம் கொடுத்தோம். ஏப்ரலில் இருந்து ஓகஸ்ட் வரை மாத வட்டியில் பிடித்த 30,000 மும், செப்டம்பரில் பிடித்ததும், சேமிப்புக் கணக்கில் அங்கே இங்கே பிடித்த சில நூறும் விவரத்திரட்டில் கேட்க வேண்டிய காசு. பெரிய காசு காப்பாற்றப்பட்டது ஜனவரியில். 60 லட்சம் வைப்பு முதிர்ந்தபோது 51,000 ரூபா பிடிபடாமல் வட்டி 510,000 முழுவதுமாகக் கணக்கில் விழுந்தது. பாஸ் புத்தகத்தில் அந்த வரியைக் காட்ட மறுபடியும் மழையில் வந்தார். அந்தப் பிரகடனம் மார்ச் 31 வரைக்கும்தான். அடுத்த வருடத்துக்குப் புதுப் படிவம் வேண்டும் என்று சொன்னதும், சுவரில் மாட்டியிருந்த என் கலண்டரில் ஏப்ரல் மாதத்தைத் திருப்பி, முதல் வாரத்தில் தன் கையாலேயே "இரண்டு பேங்கும்" என்று எழுதிவிட்டுப் போனார்.